ஹாட்ஸ்பாட்டில் மட்டும் இயர்பட்ஸ் சத்தம் அறுந்து அறுந்து வருகிறது: புளூடூத் 5.3 வாங்கினால் சரியாகுமா?

தாம்வே செல்வி

கரண்ட் போனால் வீட்டு பைபர் ரூட்டரும் நின்றுவிடும். அந்த நேரத்தில் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப் ஓடுகிறது. யூடியூப் பாடம் 1080-இல் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் லேப்டாப்போடு இணைத்த இயர்பட்ஸில் சத்தம் மட்டும் சில நொடிக்கு ஒருமுறை அறுகிறது. படம் ஒரு இடத்திலும் நிற்பதில்லை. கரண்ட் இருந்து ரூட்டரில் பார்க்கும்போது இந்தத் தொல்லையே கிடையாது. இயர்பட்ஸ் பெட்டியில் புளூடூத் 5.0 என்று இருக்கிறது. லேப்டாப் வைபை 5, போன் வைபை 6. தேஞ்ஜி சந்தைப் பக்கம் கடையில் 5.3 போட்ட இயர்பட்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பசுண்டாங் பாலு

தாராளமா வாங்குங்க அக்கா. 5.0 எல்லாம் பழசு. புளூடூத் 5 வந்தப்பவே வேகம் ரெண்டு மடங்கு, தூரம் நாலு மடங்குன்னு சொன்னாங்க. 5.3, 5.4-ல அதைவிடக் கூடுதல். வெர்ஷன் ஏற ஏற சத்தம் அறுறது குறையும்.

மோல்மேன் சுப்பையா

அம்மா, இது இயர்பட்ஸ் கோளாறே இல்லை. சாயங்கால நேரத்தில் மொபைல் டேட்டா எல்லோருக்கும் இழுக்கிறது. தரத்தை 480-க்கு இறக்கிப் பாருங்கள், சரியாகிவிடும். 1080-க்கு 5 எம்பிபிஎஸ்ஸாவது சீராக வர வேண்டும்.

அலைவரிசை அண்ணாமலை

சுப்பையா ஐயா, நீங்கள் சொன்ன 5 எம்பிபிஎஸ் சரிதான். ஆனால் டேட்டா போதாமல் போனால் படமும் சேர்ந்து நின்று, நடுவில் வட்டம் சுற்றும். செல்விக்குப் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் அறுகிறது. அப்படியென்றால் டேட்டா லேப்டாப் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. லேப்டாப்பில் இருந்து காது வரைக்கும் போகிற கடைசி ஒரு மீட்டரில்தான் கோளாறு.

செல்வி, வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு பாட்டை லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் வைபையை அணைத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே இயர்பட்ஸில் ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறகு ஹாட்ஸ்பாட்டை இணைத்து, யூடியூப் வீடியோ ஒன்றைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அதே பாட்டைக் கேளுங்கள். முதல் தடவை சுத்தமாகக் கேட்டு, இரண்டாவது தடவை அறுந்தால் இயர்பட்ஸ் மேல் பழி இல்லை.

ஹாட்ஸ்பாட்டில் இருக்கும்போதே கமாண்ட் பிராம்ப்டில் இதையும் அடித்து, வருவதைப் போடுங்கள்:

```
netsh wlan show interfaces
netsh wlan show drivers
```

தாம்வே செல்வி

சோதனை செய்தேன். வைபை அணைத்திருந்தால் ஒரு அறுப்பும் இல்லை. வீடியோ ஓடினால் உடனே அறுக்கிறது. வந்தது இது, தேவையான வரிகள் மட்டும்:

```
Radio type             : 802.11n
Channel                : 6
Receive rate (Mbps)    : 72.2
Radio types supported  : 802.11b 802.11g 802.11n 802.11a 802.11ac
```

அலைவரிசை அண்ணாமலை

விடை இதிலேயே இருக்கிறது. சேனல் 6 என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ். பெட்டியில் வைபை 5, வைபை 6 என்று போட்டிருந்தாலும் இந்த நிமிடம் உங்கள் லேப்டாப் 802.11n-இல், அதாவது வைபை 4-இல்தான் பேசிக்கொண்டிருக்கிறது. வைபை 5 என்பது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் எழுதப்பட்ட தரம். அந்த லேப்டாப்பை 2.4-க்கு இறக்கினால் தானாகவே வைபை 4 ஆகிவிடும்.

புளூடூத் எப்போதும் 2.4-இல்தான் இருக்கிறது, வெர்ஷன் எதுவானாலும். அக்கம்பக்கத்து வைபை அதற்கு அவ்வளவு பெரிய தொல்லை இல்லை. பாட்டு அனுப்பும் பழைய வகை புளூடூத் 79 சிறு சேனல்களில் நொடிக்கு 1600 தடவை தாவிக்கொண்டே இருக்கும். எந்த இடம் கெட்டிருக்கிறது என்று கவனித்து, அதைத் தவிர்த்துத் தாவவும் அதற்குத் தெரியும். ஒரு வைபை அடைப்பது ஏறத்தாழ 20 சிறு சேனல்கள். மீதியில் ஓடிக்கொள்ளும்.

ஆனால் லேப்டாப்புக்குள் வைபையும் புளூடூத்தும் ஒரே சின்னக் கார்டில்தான் இருக்கின்றன. பெரும்பாலும் ஆன்டெனாவும் பொது. ஒன்று 2.4-இல் கத்தும்போது பக்கத்திலேயே இருக்கும் மற்றொன்றுக்குக் காது அடைத்துவிடும். வேறு சேனலுக்குத் தாவினாலும் பயனில்லை, சத்தம் அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. அதனால் கார்டு இரண்டுக்கும் முறை வைத்து நேரம் பங்கு போடுகிறது. வைபைக்குக் கொடுத்த நேரத்தில் புளூடூத் வாய் மூடியிருக்க வேண்டும்.

சில நொடிக்கு ஒருமுறை அறுகிறது என்றீர்கள் அல்லவா, அதற்கும் காரணம் உண்டு. யூடியூப் சொட்டுச் சொட்டாக இறக்குவதில்லை. ஒரு துண்டை முழு வேகத்தில் இழுத்துவிட்டுச் சற்று ஓய்ந்திருக்கும், பிறகு அடுத்த துண்டு. 5 நொடித் துண்டு 1080-இல் சுமார் 25 மெகாபிட். உங்கள் டேட்டா 10 எம்பிபிஎஸ் என்றால் இரண்டரை நொடி இழுக்கும், இரண்டரை நொடி சும்மா இருக்கும். இழுக்கிற நேரத்தில்தான் சத்தம் அறுகிறது. டாஸ்க் மேனேஜரில் Performance பக்கத்தில் வைபை வரைபடத்தைத் திறந்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். கோடு மேலே எழும்பும் போதெல்லாம் காதில் அறுபடும்.

ரூட்டரில் தொல்லை இல்லாததற்குக் காரணம், அங்கே லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும். கரண்ட் வந்ததும் அதே கட்டளையை ரூட்டரில் அடித்தால் சேனல் 36-ஓ அதற்கு மேலோ காட்டும்.

பசுண்டாங் பாலு

சரி அண்ணே, ஆனா புது வெர்ஷன்ல வேகம் ரெண்டு மடங்குங்கிறது உண்மைதானே? சீக்கிரமா அனுப்பி முடிச்சா நேரப் பங்கு கம்மியா போதுமே?

அலைவரிசை அண்ணாமலை

நல்ல கேள்வி தம்பி. அந்த இரண்டு மடங்கும் நாலு மடங்கும் புளூடூத்தில் குறைந்த மின்சாரத்தில் ஓடும் எல்இ பக்கத்துக்கு. கைக்கடிகாரம், உணரி போன்றவை அதில் பேசுகின்றன. இன்றைக்கு விற்கிற இயர்பட்ஸில் பெரும்பாலானவை பாட்டை இன்னும் பழைய கிளாசிக் பக்கத்தில்தான் வாங்குகின்றன. அந்தப் பக்கத்தின் உச்ச வேகம் 3 எம்பிபிஎஸ், அது புளூடூத் 2 காலத்தில் வந்தது. 5.0, 5.3, 5.4 எதிலும் அது ஏறவில்லை.

எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்குப் போட்டால் தெளிவாகும். பாட்டைச் சுருக்கி அனுப்பும் எஸ்பிசி கோடெக் வழக்கமாக 328 கேபிபிஎஸ். 2 எம்பிபிஎஸ் பாக்கெட்டில் அனுப்பினால் நொடிக்கு 60 பாக்கெட். ஒவ்வொன்றும் பதிலோடு சேர்த்து 3.75 மில்லிநொடி. கூட்டினால் நொடியில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவு, அதுவும் எதையும் திரும்ப அனுப்பத் தேவை இல்லாவிட்டால். போனில் எல்டாக் என்ற கோடெக்கை 990-இல் வைத்தால் 3 எம்பிபிஎஸ் பாக்கெட்டிலேயே கிட்டத்தட்ட பாதி நேரம் போய்விடும்.

நீங்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. புது இயர்பட்ஸில் சிப் புதிது. விட்டுப்போன பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்குவதில் கெட்டி. பழைய மலிவு ஜோடிகளில் ஒரு காது வாங்கி மறு காதுக்குத் தலை வழியாகக் கடத்தும். புதியவை பலவற்றில் இரண்டு காதும் தனித்தனியாக வாங்குகின்றன. அதனால் ஓரளவு குறையலாம். ஆனால் செல்வி செலவு செய்து வாங்கினாலும் ஹாட்ஸ்பாட் 2.4-இல் இருக்கும் வரை லேப்டாப்புக்குள் நடக்கும் இழுபறி அப்படியே இருக்கும்.

தாம்வே செல்வி

அப்படியானால் ஹாட்ஸ்பாட்டை 5-க்கு மாற்ற வேண்டுமா? எங்கே இருக்கிறது?

அலைவரிசை அண்ணாமலை

ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் அமைப்புப் பக்கத்தில் Band அல்லது AP band என்று இருக்கும். அதில் 5 GHz தேர்ந்தெடுங்கள். சில போனில் Extend compatibility என்ற பொத்தானாக இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் 2.4-க்குப் போகும், அணையுங்கள். ஐபோன் 12 முதல் Personal Hotspot பக்கத்தில் Maximize Compatibility, அதையும் அணைக்க வேண்டும். மாற்றிய பின் ஹாட்ஸ்பாட்டை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போட்டு, லேப்டாப்பில் அதே கட்டளையை அடித்துச் சேனலைப் பாருங்கள். பொத்தானை நம்பாதீர்கள், சேனல் எண்ணை நம்புங்கள். 5 GHz preferred என்று எழுதிய போன்களில் ஏதோ காரணத்தால் சத்தமில்லாமல் 2.4-க்கு இறங்கிவிடுவதும் உண்டு.

தாம்வே செல்வி

மாற்றினேன்.

```
Radio type             : 802.11ac
Channel                : 149
Receive rate (Mbps)    : 433.3
```

வீடியோ ஓடிக்கொண்டே இருக்கிறது, சத்தம் அறவில்லை. ஆனால் போனை ஜன்னல் பக்கம் வைத்துவிட்டு உள் அறைக்குப் போனால் இப்போது படம்தான் நின்று நின்று வருகிறது. நடுவில் செங்கல் சுவர் இரண்டு.

அலைவரிசை அண்ணாமலை

அது 5 கிகாஹெர்ட்ஸின் குணம். செங்கல் சுவர் 2.4-ஐவிட அதைக் கூடுதலாகத் தின்றுவிடும். உள் அறையில் அடித்துப் பாருங்கள், 433 இருந்த இடத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். ஜன்னலில் 4ஜி நன்றாகக் கிடைக்கும் என்பதால் போனை அங்கே வைத்திருப்பீர்கள். போனை ஜன்னலுக்கும் உங்களுக்கும் நடுவே, ஒரே ஒரு சுவர் மட்டும் குறுக்கே வருகிற மாதிரி வைத்துப் பாருங்கள். 1080-க்கு 5 எம்பிபிஎஸ் போதும் என்பதால் 433 எல்லாம் தேவையே இல்லை. இணைப்பு வேகம் 50-க்குக் கீழே விழாமல் இருந்தால் படம் நிற்காது.

தாட்டோன் கனி

எங்க லேப்டாப்ல Radio types supported வரியில b, g, n மட்டும்தான் இருக்கு. போன்ல 5 GHz வெச்சா ஹாட்ஸ்பாட் பேரே பட்டியல்ல வரல. இதுக்கு என்ன பண்றது? புளூடூத் டெதரிங்னு ஒண்ணு இருக்கே, அதுல போட்டா வைபையே வேண்டாமே?

அலைவரிசை அண்ணாமலை

கனி, உங்கள் கார்டு 2.4 மட்டும். அதற்கு 5 தெரியவே தெரியாது, அதனால்தான் பெயர் வரவில்லை. புளூடூத் டெதரிங் வேண்டாம். நல்ல நிலையில்கூட 1 முதல் 2 எம்பிபிஎஸ்தான் வரும். அதோடு இயர்பட்ஸும் அதே புளூடூத்தில் பங்கு கேட்கும். மெயில் பார்க்கலாம், வீடியோவுக்கு ஆகாது.

யூஎஸ்பி டெதரிங் போடுங்கள். கேபிளைச் செருகிய பிறகுதான் போனில் USB tethering பொத்தான் உயிர் பெறும். செருகியும் மங்கலாகவே இருந்தால் கேபிள் சார்ஜ் மட்டும் செய்கிற வகை, டேட்டா கம்பி இல்லாதது. வேறு கேபிள் மாற்றுங்கள். லேப்டாப்பில் Remote NDIS based Internet Sharing Device என்று புதிய நெட்வொர்க் தெரியும். அது வந்ததும் லேப்டாப்பின் வைபையை அணைத்துவிடுங்கள். இப்போது 2.4 முழுவதும் இயர்பட்ஸுக்குத்தான்.

மோல்மேன் சுப்பையா

கரண்ட் இல்லாத நேரத்தில் கேபிள் போட்டால் லேப்டாப் பேட்டரியைப் போன் உறிஞ்சிவிடுமே?

அலைவரிசை அண்ணாமலை

உறிஞ்சும் ஐயா, சரியாகச் சொன்னீர்கள். சாதாரண யூஎஸ்பி 2 துளையில் 5 வோல்ட், 500 மில்லிஆம்பியர், அதாவது இரண்டரை வாட் வரை போகும். 40 வாட்மணி பேட்டரியில் இரண்டு மணி நேரத்தில் எட்டில் ஒரு பங்கு. போன் முன்பே நிறைந்திருந்தால் குறைவாக இழுக்கும். ஆகவே கரண்ட் இருக்கும்போதே போனை நிறைத்து வையுங்கள். டெதரிங்கை நிறுத்தாமல் சார்ஜை மட்டும் நிறுத்துகிற வசதி எல்லாப் போனிலும் இல்லை.

கனிக்கு இன்னொன்று. நீல நிற யூஎஸ்பி 3 துளையில் ஹார்ட் டிஸ்க் செருகி, அதன் பக்கத்திலேயே புளூடூத் டாங்கிள் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 டேட்டா ஓடும்போது 2.4 பக்கத்தில் இரைச்சலைக் கொட்டும். இண்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. டாங்கிளை ஒரு நீட்டிப்புக் கம்பியில் அரை மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

கலைவாணி

எனக்கும் இதே பிரச்சினைதான். யூடியூப் கேட்கும்போது இயர்பட்ஸ் அருமையாக இருக்கிறது. ஜூம் வகுப்பில் சேர்ந்ததும் எல்லார் குரலும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல மாறிவிடுகிறது. ஹாட்ஸ்பாட்டை 5-க்கு மாற்றியும் போகவில்லை.

அலைவரிசை அண்ணாமலை

கலைவாணி, உங்களுடையது வேறு. அறுப்பு இல்லை, தரம் இறங்குகிறது. கிளாசிக் புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. இயர்பட்ஸின் மைக்கை ஜூம் திறந்த நொடியே லேப்டாப் பேச்சு வழிக்கு மாறிவிடும். அது இரண்டு காதுக்கும் ஒற்றைச் சத்தம், நொடிக்கு 16 ஆயிரம் தடவைதான் ஒலியை அளந்து அனுப்பும். பழைய ஜோடி என்றால் 8 ஆயிரம். வைபைக்கு இதில் தொடர்பே இல்லை.

ஜூம் ஒலி அமைப்பில் Microphone என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், Speaker இயர்பட்ஸிலேயே இருக்கட்டும். இயர்பட்ஸ் பட்டியலில் Headphones, Headset என்று இரண்டு பெயராக வந்தால் Headphones-ஐ எடுங்கள். பேச்சு வழி மூடி, குரல் தெளிவாகிவிடும்.

பசுண்டாங் பாலு

அப்போ வெர்ஷன் எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லையா அண்ணே? எல்இ ஆடியோன்னு ஒண்ணு வந்திருக்கே?

அலைவரிசை அண்ணாமலை

இருக்கிறது. அதற்கு அடித்தளம் 2020 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட 5.2-இல் வந்தது. பாட்டை எல்இ பக்கத்துக்கே கொண்டுபோய், எல்சி3 என்ற கோடெக்கில் குறைந்த பிட்டில் நல்ல ஒலியைத் தருகிறது. மைக்கைத் திறந்தாலும் பழைய பேச்சு வழிக்கு இறங்க வேண்டியதில்லை, ஆகவே கலைவாணியின் தொல்லைக்கு உண்மையான மருந்து அதுதான். ஆனால் எல்இ ஆடியோ கட்டாயம் இல்லை. 5.3 என்று அச்சடித்து அது இல்லாத இயர்பட்ஸ் நிறைய. பெட்டியில் எண்ணைப் பார்க்காதீர்கள், LE Audio அல்லது LC3 என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல் லேப்டாப் பக்கமும் வேண்டும். விண்டோஸ் 11-இல் Bluetooth & devices, Devices பக்கத்தில் Use LE Audio when available என்ற பொத்தான் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் விண்டோஸ் புதிதாக இருந்தும் கார்டோ டிரைவரோ இடம் கொடுக்கவில்லை என்று பொருள். செல்வியின் வைபை 5 கார்டில் அது வரும் என்று எதிர்பார்த்து இயர்பட்ஸ் வாங்க வேண்டாம்.

எல்இ ஆடியோவும் 2.4-இல்தான். ஹாட்ஸ்பாட் 5-இல் இருக்க வேண்டும் என்பது அதற்கும் பொருந்தும்.

பசுண்டாங் பாலு

இன்னொரு கேள்வி. என் போன் வெளிநாட்டுல இருந்து வந்தது. Band-ல 5 GHz மங்கலா இருக்கு, தொடவே முடியல. ஆனா அதே போன் ரூட்டர்ல 5-ல சேருது.

தாட்டோன் கனி

சிம் போடாம பார்த்தீங்களா? சில போன் எந்த நாடுன்னு சிம் வழியாத்தான் தெரிஞ்சுக்கும்னு கேள்வி.

அலைவரிசை அண்ணாமலை

கனி சொல்வது ஒரு காரணம். ரூட்டரில் சேருவது வேறு, தானே ரூட்டராக நிற்பது வேறு. எந்த நாட்டில் எந்த 5 கிகாஹெர்ட்ஸ் சேனலில் தானாக ஒலிபரப்பலாம் என்று போன் தன் பட்டியலில் பார்க்கும். நாடு தெரியாவிட்டால் 5-ஐப் பூட்டிவிடும். பாலு, சிம்மைப் போட்டு, மொபைல் நெட்வொர்க் கிடைத்த பிறகு போனை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மங்கலாக இருக்கும் நேரத்தில் போனின் வைபை எங்காவது 2.4-இல் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரே ரேடியோ உள்ள போனில் அதனாலும் பூட்டிக்கொள்ளலாம்.

பசுண்டாங் பாலு

சிம் போட்டுத்தான் இருக்கு, ரெண்டு சிம்மும். வைபையையும் அணைச்சுட்டேன். அணைச்சுப் போட்டும் பார்த்தாச்சு. இன்னும் மங்கல்தான்.

அலைவரிசை அண்ணாமலை

அப்படியென்றால் அந்த மாடலின் மென்பொருளிலேயே பூட்டு இருக்கலாம். மாடல் எண்ணைப் போடுங்கள், அதே போன் வைத்திருப்பவர் யாராவது பார்த்துச் சொல்லட்டும். அதுவரை கேபிள்தான்.

தாம்வே செல்வி

நடு அறை அலமாரி மேல் போனை வைத்தேன். உள் அறையில் 117 காட்டுகிறது, படமும் சத்தமும் நிற்கவில்லை. இயர்பட்ஸ் பழையதே.